அளவுக்கு வைத்த ரத்தம்

அக்கா அன்றைக்குச் சொன்ன "நார்மல்" என்கிற ஒற்றை வார்த்தை பல வருஷமாக அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வெல்டிங் பட்டறையில் முகமூடியைப் போட்டுக்கொண்டு தீப்பொறிக்கு நடுவில் நிற்கும்போதெல்லாம் அது உள்ளே குத்தும். டாக்டர் சொல்லியிருந்தால் டாக்டரைத் திட்டித் தீர்த்திருப்பான். சொன்னது கூடப் பிறந்தவள்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்தத்தை வளர்த்து, செல்கள் பிரியும் நேரம் பார்த்து நிறுத்தி, கண்ணாடியில் சொட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் தெரியும் குரோமோசோம்களைப் படம் பிடித்து ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினார்கள். "எங்க அக்காவுக்குச் சம்பளம் குடுத்துப் புழு வெட்டச் சொல்றாங்க" என்று அவன் பட்டறையில் கேலி பேசுவான். அவள் காதுக்குப் போனாலும் கோபப்பட மாட்டாள். "நீ கம்பி வெட்டுற, நான் புழு வெட்டுறேன். ரெண்டு பேரும் வெட்டிப் பயலுங்கதான்" என்பாள்.

சிரிப்பு அவ்வளவோடு சரி. கட்டிக்கொடுத்த இடத்தில் அவளுக்குக் கரு தங்கவில்லை. தங்கும், கலையும், மறுபடி தங்கும், கலையும். மாமியார் வாய்க்கு அவள் அவலாகக் கிடைத்தாள். கடைசியில் புருஷன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறான் என்று சேதி வந்தது. அன்றைக்கும் அக்கா வேலைக்குப் போனாள். ஊரார் குரோமோசோமையெல்லாம் எண்ணியவள் தன்னுடையதை மட்டும் கண்ணாடிக்கடியில் வைக்கவே இல்லை. குற்றம் தன் பக்கம் என்று கறுப்பு வெள்ளையில் தெரிந்துவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? கரு கலைந்த கதையை லேபில் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

பிறகு பக்கத்து அறையில் மைக்ரோஅரே மிஷின் வந்தது. அதில் படம் கிடையாது. டிஎன்ஏவைச் சிப்பில் ஓட்டி, எந்தத் துண்டு குறைகிறது, எது கூடுதல் என்று தராசு மாதிரி நிறுத்துச் சொல்லும். மைக்ரோஸ்கோப்பில் படாத சின்ன ஓட்டையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, குறையில்லாத ஆள் ஒருவரின் ரத்தம், தராசுக்குப் படிக்கல் மாதிரி, அளவுக்கு வேண்டியிருந்தது. படம் இல்லாத சோதனைதானே என்று அக்கா கையை நீட்டினாள். ஓட்டிப் பார்த்தார்கள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அன்றிலிருந்து சந்தேகம் வரும்போதெல்லாம் அக்கா ரத்தம்தான் ஓடும். வாழ்க்கையில் யாரும் அவளுக்குத் தராத பட்டத்தை அந்த மிஷின் தந்தது. அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

அவனுக்கு முதலில் பிறந்தது பெண். அழுதால் பூனைக்குட்டி முனகுவது போலிருக்கும். தலை சிறுத்திருந்தது. இதயத்திலும் கோளாறு. மைக்ரோஅரே எடுத்தார்கள். ஐந்தாம் குரோமோசோமின் குட்டைக் கை எனப்படும் சின்னப் பக்கத்தில் நுனி இல்லை, பதினோராம் குரோமோசோமின் நீளக் கையில் நுனி கூடுதல். தாய் தகப்பனுக்கும் அதே சோதனை போதும் என்று குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. புதிதாக நேர்ந்த பிசகு, திரும்ப வர வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். குழந்தை நடக்கும் வயதுக்கு முன்பே போய்விட்டது.

மறுபடி குழந்தை பெறலாமா என்று கேட்க அவன் அக்காவிடம்தான் போனான். இரண்டு நுனி ஒரே சமயத்தில் கெட்டிருந்தால் பெற்றவர்களைப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பாடம். அடுத்தவர் வீடாக இருந்தால் சொல்லியிருப்பாள். அவன் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"நார்மல்டா. நம்ம ரத்தத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா? தைரியமா பெத்துக்கோ."

மனைவி மறுபடி கர்ப்பமானாள். ஸ்கேனில் டாக்டர் முகம் மாறியது. பனிக்குட நீரை எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவன் அக்கா வீட்டு வாசலில் நின்றான். முதல் குழந்தையின் காகிதத்தையும் சேர்த்து அவள் கையில் திணித்தான். அக்கா இரண்டு காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் குழந்தைக்கு எங்கே குறைந்ததோ, இதற்கு அங்கே கூடுதல். அதற்குக் கூடுதலாக இருந்த நுனி இதற்கு இல்லை. கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழ்.

அக்கா அவன் தொழில் பாஷையிலேயே கேட்டாள்.

"ரெண்டு பைப்பை அறுத்து, நுனியை மாத்திப் பத்த வெச்சா எடை குறையுமா?"

"குறையாது."

"தராசுல தெரியாது. கண்ணால பாத்தாதான் தெரியும். நான் பாக்கலடா."

அவன் ரத்தத்தை வளர்த்தார்கள். படத்தை அக்காவே அடுக்கினாள். ஐந்தாவதில் ஒன்றும் பதினோராவதில் ஒன்றும் நுனியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவன் உடம்பில் எல்லாம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. அதனால் அவனுக்கு நோயில்லை. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுதான் போகும். மாறினது இரண்டும் சேர்ந்து போனாலும் சரி, மாறாதது இரண்டும் சேர்ந்து போனாலும் சரி, பிள்ளை பிழைக்கும். பிரிந்து போனால் ஒன்று குறையும், ஒன்று கூடும்.

அடுத்ததாகத் தன் ரத்தத்தை வளர்த்தாள். கூட வேலை செய்பவளைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே ஐந்து, அதே பதினொன்று. பெற்றவர் யாரோ ஒருவர் கொடுத்தது. கலைந்த கருக்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது. மிஷினுக்கு அவள் ரத்தம் தப்பே இல்லை என்றார் லேபின் பெரிய டாக்டர், தராசுக்கு அது சரியான எடைதான். அக்கா கேட்கவில்லை. ஃப்ரீசரைத் திறந்து தன் ரத்தக் குப்பிகளை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

மனைவி அந்தக் கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா காத்திருந்தாள். "அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு மனைவி ஆட்டோவில் ஏறினாள். அதற்கப்புறம் இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அடுத்த முறை கரு உருவாகும்போதே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது என்று ஆலோசனை டாக்டர் விளக்கினார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் தொட்டில் பேச்சு எழவில்லை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆள் வந்து சொன்னபோது அவன் போகக்கூடாது என்றுதான் இருந்தான். கால் கேட்கவில்லை. வார்டில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அவனைப் பார்த்ததும், "என்னடா, வெட்டிப் பய" என்றாள். அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தான். கேட்டால் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் கூடவில்லை. அவள் கேட்கவில்லை. பேச்சு அவர்களுடைய ஒரே தங்கச்சியைப் பற்றிப் போயிற்று. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். அவள் செத்தாலும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தவன் அவன்.

"அவ முழுகாம இருக்காளாம். நான் போன் பண்ணா எடுக்கல."

அவன் ஸ்டூலைப் பின்னால் தள்ளினான்.

"நீ நேர்ல போ. திட்டினா வாங்கிக்கோ. படம் எடுக்கிற டெஸ்ட் எடுக்கச் சொல்லு. எல்லாம் நார்மல்னு காகிதத்தைக் காட்டினா அப்படியே திரும்பி வந்துடாத. எந்த டெஸ்டுன்னு கேளு."