பிப்ரவரிப் பள்ளம்

மாதத்துக்கு எத்தனை நாள் என்று எனக்கு முஷ்டியை மடக்கிப் பார்த்தால்தான் தெரியும். மேடு முப்பத்தொன்று, பள்ளம் முப்பது. பிப்ரவரியும் ஒரு பள்ளம். அங்கேதான் கெட்டேன்.

ஜீவனஹள்ளியில் அக்கா புருஷன் வைத்திருந்த லேத் பட்டறையில் பில் போடுவது என் வேலை. ஒரு பெரிய கம்பெனிக்குப் பிப்ரவரி ஐந்தாம் தேதியிட்ட பில். பில் தேதியிலிருந்து தொண்ணூறு நாளில் பணம். "எப்போ வரும் மச்சான்?" என்று மாமா கேட்டார். இடது கையை மடக்கி எண்ணி, "மே நாலு மாமா" என்றேன். அவர் அதே தேதி போட்டு இரும்புக்கடைக்காரருக்குச் செக் கொடுத்தார்.

பணம் வரவில்லை. செக் திரும்பியது. மே ஐந்தாம் தேதி காலை கடைக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, வேலையாட்கள் முன்னால் மாமாவைச் செவுளில் அறைந்தார்கள். கீழே விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள துட்டு வரல, லேத்த தூக்கிட்டுப் போயிடுவோம்" என்றான் ஒருவன்.

மாமா சட்டையைக்கூடத் தட்டவில்லை. என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனார். அக்கவுண்ட்ஸில் இருந்த கன்னடக்காரர் "பன்னி சார்" என்று கன்னடத்தில் வரவேற்றபடி எழுந்தார். மாமா விட்ட குத்தில் அவர் மூக்கு உடைந்தது. "நேத்தே குடுக்க வேண்டிய பணம்டா!" என்று மறுபடி கை ஓங்கினார்.

அந்த மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டே மேசைக் காலண்டரை இழுத்தார். விரலிடுக்கில் ரத்தம் சொட்டியது. "பிப்ரவரி இருபத்தெட்டு சார். அஞ்சு போனா இருபத்திமூணு. மார்ச் முப்பத்தொண்ணு, அம்பத்திநாலு. ஏப்ரல் முப்பது, எண்பத்திநாலு. இன்னும் ஆறு. மே ஆறு சார். நாளைக்குத்தான்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ எப்படிடா எண்ணினே?"

மடையன் நான், முஷ்டியை மடக்கிக் காட்டினேன். பிப்ரவரிக்கு முப்பது வைத்தது அப்போதுதான் உறைத்தது. மாமா என் கையை மேசையில் அழுத்திக் கண்ணாடிப் பேப்பர் வெயிட்டால் இரண்டு முறை இடித்தார். நான் கத்தினேன். காவலாளிகள் வந்துதான் அவரைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த அடி எனக்கு முதலிலேயே விழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் மட்டும் போனேன். மாமாவை கேட்டுக்குள்ளேயே விடவில்லை. மூக்கில் பஞ்சு வைத்திருந்த அதே மனிதர் கையெழுத்து வாங்கிக்கொண்டு செக்கைக் கொடுத்தார். கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரே பேங்க் கிளை, பணம் அன்றே ஏறியது, லேத் தப்பியது. இனி ஆர்டர் கிடையாது என்று ஒரு கடிதமும் கூட இருந்தது.

கிளம்பும்போது அவர் என் இடது கையைப் பார்த்தார். வீக்கத்தில் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. மேசைக் காலண்டரை என் பக்கம் தள்ளி, "இத வெச்சுக்கங்க. கைய நம்பாதீங்க" என்றார்.

பிப்ரவரித் தாளில் அவர் ரத்தம் ஒரு பொட்டு காய்ந்திருந்தது. ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கங்கெட்டவன்.