ஆயில் கசிந்த ஃப்ளாட்லாக்

அந்த ஃப்ளாட்லாக் தையல் மெஷின் என் ஷெட்டுக்கு வந்த அன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஓசியில் வந்த மெஷினுக்குப் பொட்டு ஒரு கேடு. நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எனக்குச் சொந்தமாக ஐந்து மெஷின். பனியன் கம்பெனியில் டெய்லராகப் பத்து வருஷம் குனிந்து உட்கார்ந்து, நகையை விற்று வாங்கியவை. கம்பெனிக்காரர்கள் துணியை வெட்டி மூட்டையாகத் தருவார்கள், நாங்கள் தைத்துத் திருப்பிக் கொடுப்போம். ஜாப் ஒர்க். ஆர்டர் அவசரமென்றால் தங்கள் மெஷின்களில் ஒன்றையும் கூடவே அனுப்பிவைப்பார்கள். வேலை முடிந்ததும் அது திரும்பிப் போய்விடும், வாடகை கிடையாது. எங்கள் பக்கம் இது சாதாரணம்.

இந்த முறை வந்தது குழந்தைகளுக்கான வெள்ளை டீ-ஷர்ட், அடி மடிப்பு மட்டும் நாங்கள் போட வேண்டும். மெஷினை இறக்கியதும் வேஸ்ட் துணியில் ஏழெட்டுத் துண்டு ஓட்டிப் பார்த்தேன். தையல் கண்ணாடி மாதிரி விழுந்தது. துண்டுகளில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அவற்றை முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினேன். மெஷினோடு வந்த டெலிவரி சலானில், அதாவது டிசியில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன்: ஃப்ளாட்லாக் ஒன்று, நம்பர் நாற்பத்தி இரண்டு. அவ்வளவுதான். மெஷின் எந்த நிலையில் வந்தது என்று ஒரு வார்த்தை கூட இல்லை. நானும் கேட்கவில்லை. ஓசி என்றதும் வாய் அடைத்துக்கொண்டது.

முதல் நாள் தைத்த கட்டுகளை மறுநாள் காலையில் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மடிப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். அடுத்த பீஸிலும் ஒன்று. புது ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும், சொட்டும்போது வெள்ளைத் துணியில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க ஊறி மஞ்சளித்திருந்தது. ஊசிக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தேன், பிசுபிசுத்தது. அந்த நிமிடமே மெஷினை நிறுத்தி, கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். அதுவரை தைத்தது அறுநூறு பீஸ்.

மேனேஜர் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, எங்ககிட்ட இருந்து வெள்ளையாத்தானுங்க வந்துச்சு. உங்க ஷெட்டுலதான் கறை ஆயிருக்குது. அறுநூறு பீஸுக்கும் நீங்கதான் பொறுப்பு. கட்ட முடியலைன்னா மெஷின்ல ரெண்டு மூணைக் குடுத்துருங்க, முடிச்சுக்கலாம்."

என் ஐந்து மெஷினில் மூன்று போனால் நான் திரும்பவும் ஏதாவது கம்பெனியில் போய்க் குனிய வேண்டியதுதான். ஆனால் அவர் அதை டீ சொல்வது போலச் சொன்ன விதம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் கோபத்தை ஏற்றியது.

கல்யாணத்துக்கு அப்புறம் தபாலில் பி.காம். படித்தேன். "தையக்காரிக்கு எதுக்கு பி.காம்.?" என்று சொந்தக்காரர்கள் சிரித்த படிப்பு. அதில் ஒப்பந்தச் சட்டம் ஒரு பாடம், அதில் பெய்ல்மெண்ட் என்று ஒரு அத்தியாயம். ஒருவர் பொருளை இன்னொருவர் ஒரு காரியத்துக்காகக் கையில் வாங்கி, காரியம் முடிந்ததும் திருப்பித் தருவது. பரீட்சைக்காக உருப்போட்டது. அன்று புத்தகத்தைத் தேடி எடுத்து, தரையில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க நிமிர்ந்தேன்.

மறுநாள் ஒரு பையில் வேஸ்ட் துண்டுகளையும் இன்னொரு பையில் கறை பட்ட பீஸ்களையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். முதலாளி அறையில் இருந்தார், பக்கத்தில் மேனேஜர்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார் முதலாளி. மரியாதையான மனுஷன்.

"மேனேஜர் சொன்னதுல பாதி நெசமுங்க" என்று ஆரம்பித்தேன். "துணி என் கையில இருக்கறப்பத்தான் கெட்டுச்சு. அதனால கவனமா இருந்தேன்னு காட்ட வேண்டியது நான்தானுங்க. என் சொந்தத் துணியை எப்படிப் பாத்துக்குவனோ அப்படிப் பாத்துக்கிட்டனான்னு நீங்களே சொல்லுங்க." வேஸ்ட் துண்டுகளை மேசையில் பரப்பினேன். "ஓட்டிப் பாத்துத்தானுங்க தைக்கக் குடுத்தேன். சூடாகாத வரைக்கும் கசியலை. கறையைப் பாத்ததும் நிறுத்திப்போட்டுப் போன் பண்ணுனேன்."

"உங்ககிட்டத் தைக்கற பொண்ணுக ஆயிலை அதிகமா ஊத்தியிருப்பாங்க" என்றார் மேனேஜர்.

"அதை அப்புறம் பாக்கலாமுங்க. ஆனா துணியை மட்டுமா எங்கிட்டக் குடுத்தீங்க? மெஷினையும் குடுத்தீங்களே. குடுக்கறவங்களுக்கும் ஒரு கடமை இருக்குதுங்க. பொருள்ல கோளாறு இருக்குன்னு தெரிஞ்சா சொல்லிக் குடுக்கணும். தெரிஞ்சும் சொல்லாம விட்டா, அதனால வர்ற நட்டம் குடுத்தவங்களோடது. சட்டத்துல இருக்குதுங்க."

"எங்களுக்கு என்ன தெரியும்? நல்ல மெஷின்தான் அனுப்புனோம்."

"சரிங்க. அப்ப நாப்பத்திரெண்டுக்கு ரிப்பேர் எழுதி வெக்கற சர்வீஸ் கார்டைக் காட்டுங்க."

மேனேஜர் முகம் மாறியது. "அதெல்லாம் பழைய கார்டு, எங்க கெடக்குதோ" என்றார்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்து செய்யும் ஆடிட்டுக்காக ஒவ்வொரு மெஷினுக்கும் கார்டு எழுதி, ஃபைல் போட்டு அடுக்கியது அவருடைய பெருமை. "நம்ம கம்பெனில கார்டு இல்லாம ஒரு மெஷின் கெடையாதுங்க அம்மிணி" என்று தானே எழுந்து போய் ஃபைலை எடுத்து வந்தார். நாற்பத்தி இரண்டைப் புரட்டினார். படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கார்டை மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தார்.

கம்பெனி மெக்கானிக்கின் கையெழுத்து. ஊசிக் கம்பி பக்கம் ஆயில் சீல் போய்விட்டது, சூடானால் சொட்டுகிறது, மாற்ற வேண்டும். கீழே, 'பார்த்தேன்' என்று மேனேஜரின் சொந்தக் கையெழுத்து. என் ஷெட்டுக்கு மெஷின் வந்ததற்கு மூன்று நாள் முந்தைய தேதி.

"ஆடிட்டுக்கு முன்னாடி ரிப்பேர் மெஷினு லைன்ல நிக்கக் கூடாதுன்னு வெளிய அனுப்பிப்போட்டியா?" முதலாளி குரல் உயரவில்லை.

எனக்குள் எழுந்த சந்தோஷத்தை ஒளிக்கத் தெரியவில்லை, ஒளிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை போல உட்கார்ந்திருந்தேன்.

"கெட்ட பீஸோட நட்டம் எங்க கணக்குங்க அம்மிணி" என்றார் முதலாளி. "உங்க மெஷினை யாரும் தொட மாட்டாங்க."

"தைச்ச கூலிங்க? என் பொண்ணுக ஒரு நாள் முழுக்க ஒக்காந்து தைச்சாங்க. அந்த நட்டமும் இந்த மெஷினால வந்ததுதானுங்களே."

அவர் சிரித்துவிட்டார். "அதுவும் வந்துருமுங்க."

மெஷின் இன்னும் என் ஷெட்டில்தான் கிடந்தது. என்ன இருந்தாலும் அடுத்தவர் பொருள், அதைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டியது என் கடமை. அன்று சாயங்காலமே துடைத்து, பொட்டை அழித்து, அடியில் அட்டை கொடுத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் மேனேஜர் திரும்ப வாங்கிக்கொண்டதற்கு டிசி போட்டார். வழக்கம் போல 'ஃப்ளாட்லாக் ஒன்று, நம்பர் 42' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனார்.

டிசி மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"எந்த நெலைமையில இருக்குதுன்னும் எழுதுங்க" என்றேன்.

ஆட்டோக்காரரும் வாட்ச்மேனும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் தன் கையாலேயே எழுதினார்: ஆயில் சீல் கசிவுடன் கொடுக்கப்பட்டது, அதே நிலையில் திரும்பப் பெறப்பட்டது. ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன்.