இருபத்தைந்துக்கு இரண்டு பேர்

மத்தேயு சேருக்கு நாற்பத்தாறு வயது. பசறையில் கணிதம் படிப்பிக்கிறார். அதற்கு முன் ஒன்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவேடு எழுதினார். வேலைக்கு வந்த ஆளுக்கு அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு. எவ்வளவு கொழுந்து பறித்தாலும் ஒரே பேர்தான். அந்தப் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது. எண்ணும்போது ஆளுக்கு ஒரு கோடு போடுவார்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, பசறையில் நடந்த கணிதப் போட்டிக்கு வினாவும் விடையும் தயாரித்தது அவர்தான். கடைசிக் கேள்விவரை மடுல்சீமை அணியும் ஹாலிஎல அணியும் சமம். வெல்பவர்கள் பதுளை இறுதிப் போட்டிக்குப் போகலாம்.

ஒன்றிலிருந்து நூறு வரை எல்லா எண்களையும் பெருக்கினால், விடையின் கடைசியில் எத்தனை பூச்சியம்?

ஹாலிஎல இருபது என்று எழுதியது. மடுல்சீமை இருபத்துநான்கு. சேரின் தாளில் இருபது. கிண்ணம் ஹாலிஎலவுக்குப் போனது.

மண்டபத்தில் கூட்டம் கலையும்போது மடுல்சீமை மதுஷா மேசைக்கு வந்தாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர்; பேர்க் கணக்கு அவளுக்கும் தெரியும்.

"சேர், இருபத்தஞ்சுக்கு எத்தன பேர் போட்டீங்க?"

"ஒண்ணு. ஏம்மா?"

"அதுக்குள்ள ரெண்டு அஞ்சு இருக்கே சேர். ரெண்டு ஆள் வேலை செஞ்சிருக்கு."

எதிரே பஸ் நிலையத்தில் ஹோர்ன் அடித்தது. மடுல்சீமைக்குக் கடைசி பஸ் ஆளேற்றத் தொடங்கியிருந்தது. "போய்ட்டு வர்றேன் சேர்" என்று ஓடிவிட்டாள்.

சேர் தாளைத் திருப்பினார். ஒரு பூச்சியத்துக்கு ஓர் இரண்டும் ஓர் ஐந்தும் சேர வேண்டும். இரண்டுகளுக்குப் பஞ்சமில்லை, ஐந்துகளை எண்ணினால் போதும். ஐந்து, பத்து, பதினைந்து என்று நூறு வரை இருபது கோடு. ஆனால் இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு, இந்த நான்கிலும் இன்னோர் ஐந்து ஒளிந்திருக்கிறது. நான்கு கோடு விட்டுப்போயிருந்தது.

ஹாலிஎல பிள்ளைகள் கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேர் அவர்களுடைய காமிலா டீச்சரிடம் தாளை நீட்டினார். டீச்சர் விரல்விட்டு எண்ணினார். முகம் வாடியது.

"இத முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா சேர்?"

"என் பிழைதான் டீச்சர். பிள்ளைங்ககிட்ட நானே சொல்றேன்."

சொன்னார். ஒரு பிள்ளை அழுதது. அதன் தலையைத் தடவிவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. மிதிபலகையில் தொற்றினார்.

"சேர், ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" என்றார் கண்டக்டர் முஸ்தாக்.

"இருங்க தம்பி, ஒரு கணக்குப் பிழைச்சுப் போச்சு." மூச்சு வாங்கியது. "மதுஷா! இருபத்துநாலுதாம்மா. பதுளைக்கு நீங்கதான் போறீங்க."

அவள் உடனே கிண்ணத்தை வாங்கவில்லை. முதலில் கேட்டாள்: "ஹாலிஎலக்காரங்க அழுதாங்களா சேர்?"

"ஒருத்தி."

"அவகிட்ட சொல்லுங்க சேர். நானும் மொதல்ல இருபதுன்னுதான் எழுதி அழிச்சேன்."

முஸ்தாக் மணியை அடித்தார். சேர் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கித் திரும்பி நடந்தார், அதைச் சொல்ல.