சரவிளக்கும் கட்டைவிரலும்

திருக்கழுக்குன்றம் சாலையில் நானும் என் மனைவியின் அண்ணனும் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்கு, சீனத் தொழிற்சாலை ஒன்றில் அளவு கொடுத்துச் சரவிளக்கு செய்யச் சொல்லியிருந்தேன். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டால், அங்கே ஆர்டர் பார்க்கும் பெண் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்புச் சட்டம், முலாம், கண்ணாடி, பேக்கிங் என ஒவ்வொன்றும் முடியும் தேதி வேண்டும். முடிந்ததும், அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கறாராக எழுதினேன்.

தேதிகள் வந்தன. சொன்ன நாளில், தாளோடு சட்டத்தின் படமும் வந்தது. இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் அனுப்பினாள். கூடவே ஒரு செய்தி: "சங்கிலி நீளம் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கூரைக் கொக்கியைத் தேதித் தாளோடு படமெடுத்து அனுப்பவும்."

மண்டபத்துக்கு ஓடினேன். கூரைக்கடியில் சாரம்தான் நின்றது.

"இன்னா மச்சான், கொக்கி எங்க?"

"அடுத்த வாரம் போட்டுர்லாம், வுடு," என்று மச்சான் கட்டைவிரலைத் தூக்கினார்.

அதையே படமெடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"தேதி?"