‘இன்றே கடைசி’ கேசட்

வளைகுடாவிலிருந்து திரும்பி, குடவாசல் கடைத்தெருவில் மிக்சி, கிரைண்டர் கடை போட்டிருந்தேன். அந்த வருஷ ஆடித் தள்ளுபடியைக் கொடுத்தது கம்பெனி. சனிக்கிழமையோடு சரி என்றார்கள். “இன்றே கடைசி” என்று கேசட் பதிவு செய்து, சனிக்கிழமை காலை ஆட்டோவில் ஊர் ஊராக அனுப்பினேன். அன்று கடையில் நிற்க இடமில்லை.

மாலையில் கம்பெனியிலிருந்து போன். இன்னும் ஒரு வாரம் நீட்டியிருக்கிறார்களாம். அதைச் சொன்னால் அவசரம் போய்விடும், கூட்டம் கலைந்துவிடும். பேராசைதான், வேறென்ன? வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அதே கேசட்டோடு ஆட்டோ கிளம்பியது.

புதன்கிழமை ஒரு பெண் வந்து வாசலில் நின்றார். அரை ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுபவர். மகள் கல்யாணத்துக்காக சனிக்கிழமை என்னிடம் கிரைண்டர் வாங்கியவர். அந்த நேரம் பார்த்து ஆட்டோ கடையைக் கடந்து போனது. இன்றே கடைசி, இன்றே கடைசி.

“சனிக்கிழமையும் இதானே பாய் சொன்னிச்சு?”

“கம்பெனியில நீட்டிட்டாங்கம்மா…”

“அதக் கேட்டுட்டுத்தான் பத்தாத காசுக்கு வெத நெல்ல வித்தேன். வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு. எதப் பாய் தெளிக்கிறது?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். கிரைண்டரைத் திருப்பிக் கொடுங்க, பணத்தைத் தருகிறேன் என்றேன். நெல்லை வாங்கியவர் அன்றைக்கே ஆலைக்கு ஏற்றிவிட்டாராம். அந்த ரக விதை இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லையாம். பணத்தை வைத்து நாற்று விட முடியுமா?

ஆட்டோவைத் துரத்திப் பிடித்து கேசட்டை உருவினேன். திருவிடைமருதூர் வரை அலைந்து அதே ரகத்தில் ஒரு மூட்டை விதை வாங்கி அவர் வீட்டில் இறக்கினேன். ஒரு பிடியை என் வீட்டில் ஈரத்துணியில் கட்டி வைத்தேன். முளைக்காவிட்டால் அவருக்கு ஒரு போகமே போச்சு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அடுத்த ஆடியில் கேசட் இல்லை. பலகையில் கடைசித் தேதியை எழுதினேன். தள்ளுபடி கம்பெனி தருவது, நீட்டினால் அன்றே இங்கே எழுதுவோம், அதற்குப் பிறகு பழைய விலைதான் என்றும் எழுதினேன். தேதி முடிந்த இரவே பலகையைக் கழற்றினேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக அதே பெண் வந்தார். மிக்சியைக் காட்டி விலை கேட்டார். நேற்றைய விலைக்கே கொடுத்துவிடலாமா? கொடுத்தால் பலகையில் எழுதியது பொய். கொடுக்காவிட்டால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது? பழைய விலையைச் சொன்னேன்.

“நேத்து வெலைக்குத் தர மாட்டீங்களா?”

“நேத்தோட முடிஞ்சிட்டும்மா.”

பலகை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“வாங்க வரல பாய். கேட்டுப் பாக்கத்தான் வந்தேன்.”