அன்னாசி மணக்காத பதினேழு நாள்

பழக்கடையில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு மாதுளையை வைத்து லேசாக மேலும் கீழும் அசைத்து, “முந்நூற்றி இருபது” என்பாள். தராசில் வைத்தால் முந்நூற்றி இருபத்தைந்து இருக்கும். அந்த ஐந்து கிராமையும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். “உங்க தராசைத் துடைங்க முதலாளி, தூசி உட்கார்ந்திருக்கு” என்பாள்.

கடை பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்தது. முன்னால் மஞ்சள் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு வெயில் அதன் வழியாக வடிந்து இறங்கும்போது பழம், தட்டு, முதலாளியின் வழுக்கை எல்லாமே தேனில் ஊறியதுபோல் ஆகிவிடும். தெருவின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் தராசக்கா ஒரு அன்னாசியைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பாகத்தை மூக்கோடு ஒட்டி, அப்படியே நின்றுவிடுவாள். கூப்பிட்டால் காதில் விழாது. “தராசு, எந்த ஊருக்குப் போயிட்ட?” என்று முதலாளி கத்துவார். இருபத்தொரு வருஷமாக இந்தக் கடையில் அவள் சம்பாதித்த சுகம் அது ஒன்றுதான் என்றால் பொய்யில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகளை வளர்த்து, படிக்க வைத்து, மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்த்தது எல்லாம் இந்த மூக்கும் கையும்தான்.

அப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

ஐந்து நாள் படுத்து எழுந்தாள். ஆறாம் நாள் காலையில் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, கருகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த மகள் அலறினாள்.

“அம்மா! தீய்ஞ்ச நாத்தம் தெரு வரைக்கும் போகுது, உனக்குத் தெரியலையா?”

தராசக்கா வெங்காயத்தை முகர்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. சோப்பை முகர்ந்தாள், மிளகுத்தூளை முகர்ந்தாள், மகளின் தலையை முகர்ந்தாள். மகளின் தலையில் கூட ஒன்றும் இல்லை. மறுபடி ஒருமுறை முகர்ந்தாள்.

“காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும்மா. திரும்பி வந்துடும்னு சொல்றாங்க” என்றாள் மகள்.

“எப்ப வரும்?”

“அது தெரியாது. முதலாளிகிட்ட சொல்லிடு.”

“சொல்லிட்டு? மூக்கில்லாதவளை வெச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவாரு, சாமரம் வீசச் சொல்லுவாரா? வாயை மூடிக்கிட்டு வேலைக்குப் போடி.”

கடைக் கதவை மேலே தள்ளியதும், ராத்திரி முழுக்க உள்ளே அடைபட்டிருந்த பழ வாசனை முகத்தில் வந்து மோதும். இருபத்தொரு வருஷமாக அவளுக்கு அதுதான் காலை வணக்கம். அன்று கதவு கடகடவென்று போனது, ஒன்றும் மோதவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு டிவி பார்ப்பதுபோல் இருந்தது. எல்லாம் அங்கங்கே அழகாக உட்கார்ந்திருந்தன. எதுவும் அவளோடு பேசவில்லை.

ஆனாலும் கெட்டிக்காரி. மாதுளைக்கு மூக்கு எதற்கு? பளபளவென்று உருண்டையாக, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருப்பதை எல்லோரும் அள்ளுவார்கள். அவள் பிடுங்கிக் கீழே வைப்பாள். “அதை விடும்மா, வெளியில மேக்கப், உள்ளே காலி. இதோ, பக்கமெல்லாம் அமுங்கி நாலு மூலை தெரியுது பாரு, தோல் கொஞ்சம் மங்கி முரடா இருக்கு. உள்ளே முத்து உப்பித் தள்ளுது, அதனாலதான் இப்படி. ரெண்டும் ஒரே அளவுதானே? தூக்கிப் பாரு. எது கனமோ அதுல சாறு.” திராட்சைக்குக் கண் போதும். காம்பு பச்சையாக வளையவேண்டும். கொத்தை லேசாக உதறினால் மணி உதிரக்கூடாது. மேலே வெண்ணீறு பூசினதுபோல் ஒரு பூச்சு இருக்கவேண்டும். மருந்து என்று பயந்து துடைக்க வரும் கைகளைத் தட்டிவிடுவாள். “அது பழத்தோட சொந்தப் பவுடர். வீட்டுக்குப் போய், திங்கிறப்ப கழுவு.”

அன்னாசிதான் எமன். பறித்த பிறகு அது இனிப்பதில்லை, வந்தது வந்ததுதான். அடியிலிருந்து மேலே ஏறின மஞ்சளைக் கண் சொல்லும், சாற்றைக் கை சொல்லும். ஆனால் பழுத்ததா, பழுத்ததைத் தாண்டிப் புளிக்கக் கிளம்பிவிட்டதா என்ற கடைசி வார்த்தையை மூக்குதான் சொல்லும். அதற்கும் ஒரு வழி பண்ணினாள். பழத்தை வாங்க வந்தவர் மூக்குக்கே கொண்டுபோனாள். “நீங்களே மோந்து பாருங்க, நாளைக்கு நான் இல்லாட்டி என்ன பண்ணுவீங்க?” அவர்கள் முகரும்போது முகத்தைப் படித்தாள். புருவம் உயர்ந்தால் பழம். மூக்கு சுருங்கினால் புளிப்பு. ஒன்றும் நடக்காவிட்டால் காய். ஊரார் முகமெல்லாம் அவளுக்கு மூக்காகிவிட்டது. பாவம், வாங்க வந்தவர்களுக்கோ தொழில் கற்றுக்கொண்ட பெருமை தாங்கவில்லை.

இப்படியே பதினாறு நாள் ஓடியது. ஒவ்வொரு நாளும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் நெஞ்சில் ஊசியாக இருந்தது.

பதினாறாம் நாள் சனிக்கிழமை. தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை. சனிக்கிழமை தவறாமல் ஒரு அன்னாசி வாங்குகிற ஆள். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். அன்று சிரிப்பும் குறைவாக இருந்தது.

“வீட்டுல அவளுக்கு ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள் ஆச்சும்மா. எதிர்லதான் படுத்திருக்கா. எதைக் கொடுத்தாலும் வேணாங்கிறா. இன்னைக்குக் காலையில அவளே வாயைத் திறந்து அன்னாசி கேட்டா. டாக்டரும் தரலாம்னுட்டாரு. நல்லதா ஒண்ணு கொடு.”

தராசக்காவுக்கு உடம்பெல்லாம் பொறுப்பு ஏறிக்கொண்டது. ஒன்பது பழம் தூக்கிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். நல்ல நிறம், நல்ல கனம். ஆனால் அடியில் கட்டைவிரல் வைத்தபோது அரை நூல் அளவுக்கு அமுங்கியது மாதிரி இருந்தது. சரிதானா? சந்தேகத்தோடு அவர் மூக்கருகே நீட்டினாள். “பாருங்க சார்.”

அவர் ஆழமாக இழுத்தார். புருவம் உயர்ந்தது, முகம் மலர்ந்தது, தலை ஆடியது. “பிரமாதம்!” என்றார்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. கட்டைவிரல் சொன்னதை அந்த முகம் அழித்துவிட்டது. பையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அதே பையோடு அவர் வந்து நின்றார். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், பழம் சரியில்லையா?”

“அதெல்லாம் இல்ல. நான்தான் அவசரத்துல வேற பழத்தைத் தூக்கிட்டுப் போயிட்டேன். தராசம்மா எடுத்துக் கொடுத்தது வேற.”

முதலாளி பையைப் பிரித்தார். பாதி வெட்டின பழம். பிரித்த வேகத்திலேயே தலையைப் பின்னால் இழுத்தார். “அடேங்கப்பா! சாராயக் கடை மாதிரில்ல இருக்கு!”

“ஒரு துண்டு வாயில வெச்சா, துப்பிட்டா” என்றார் தபால்காரர் மெதுவாக. “வேற கேக்கலை.”

தராசக்கா அந்தப் பழத்தைப் பார்த்தாள். எதுவும் மணக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம். மனுஷன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஆனால் பத்து நாள் பட்டினி கிடந்த ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே துண்டு அது. அவளால் அதை விழுங்க முடியவில்லை.

“நான்தான் கொடுத்தேன் முதலாளி. எனக்கு மூக்கு செத்துப்போச்சு. பதினேழு நாளாச்சு. வர்றவங்க முகத்தைப் பார்த்துத்தான் அன்னாசி கொடுத்துட்டு இருக்கேன்.” தபால்காரர் பக்கம் கையைக் காட்டினாள். “சார் முகம் நல்லாருக்குன்னு சொல்லுச்சு. அதை நம்பிட்டேன்.”

தபால்காரர் பக்கத்திலிருந்த காலிப் பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஐயோ, என் முகத்தையா நம்பின?” என்றார். “எனக்கு மூக்கு போய் ஒன்பது வருசம் ஆச்சேம்மா! விழுந்து தலையில அடிபட்டதுல போனது. நீ நீட்டுவ, நான் தலையாட்டுவேன். உன் மூக்கு தப்பு பண்ணாதுன்னு ஆட்டுறதுதான். இதைப் போய் வெளியில சொல்லுவாங்களா, வெக்கமா இருக்காது?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அழுகைதான் முந்தியது.

“என்னைப் போகச் சொன்னா போயிடுறேன் முதலாளி.”

முதலாளிக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அது சிவந்துதான் இருந்தது. “பதினேழு நாளா என் கடையில முகம் பார்த்து ஜோசியம் சொல்லிட்டு இருந்திருக்க! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, நான் உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “போறாளாம். மாதுளையை யார் தூக்குவா, உன் பாட்டனா? அன்னாசிக்கு மட்டும்தானே மூக்கு வேணும்? இவ்வளவு பெரிய மூக்கை முகத்துல வெச்சுக்கிட்டு நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். சாருக்கு ஒரு பழம் எடு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை. கனம் பார்த்தாள், அடியிலிருந்து பாதிவரை ஏறியிருந்த மஞ்சளைப் பார்த்தாள், கட்டைவிரலை அழுத்தி அது சொன்னதைக் கேட்டாள். பழத்தைத் தலைகீழாகத் திருப்பி முதலாளியிடம் நீட்டினாள். அவர் முகர்ந்தார்.

“நல்லாருக்கு.”

“எப்படி நல்லாருக்கு?” என்றாள்.

“இதென்ன கேள்வி? அன்னாசி அன்னாசி மாதிரிதான் இருக்கும்.”

“சொல்லுங்க முதலாளி.”

அவள் கேட்ட விதத்தில் அவர் தடுமாறிப்போனார். பழத்தை மறுபடி மூக்கில் வைத்தார். தார்ப்பாயின் மஞ்சள் அவர் முகத்தில் படிந்திருந்தது.

“வந்து… இனிப்பு. பாகு காய்ச்சுறப்ப வருமே, அது. ஆனா திகட்டல. பின்னாடி ஒரு புளிப்பு ஒளிஞ்சுட்டு நிக்குது, சின்னப் பிள்ளை கதவுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி. நாக்குக்கு அடியில எச்சி ஊறுது. அப்புறம்… பச்சையா ஏதோ ஒண்ணு. மழையில நனைஞ்ச புல்லு மாதிரி. இந்தக் கடையைத் தொறந்த அன்னைக்கு இதுதான் அடிச்சுது. பிழைச்சுக்குவோமான்னு பயத்துல நின்னேன். இதை மோந்ததும் பிழைச்சுக்குவோம்னு தோணுச்சு.”

தராசக்கா கண்களை மூடியிருந்தாள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த தபால்காரரும் மூடியிருந்தார். வாசலில் யாரோ ஒரு அம்மாள் திராட்சைக் கொத்தைத் தூக்கிக்கொண்டு விலை கேட்டுப் பார்த்துவிட்டு, இவர்களைக் கண்டு கொத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

“அந்தப் புல்லு வாசனையை இன்னொரு தடவை சொல்லுங்க முதலாளி” என்றார் தபால்காரர். “அவளுக்குப் போய்ச் சொல்லணும்.”

முதலாளி பழத்தை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார்.