சலூன் தம்பியின் வயிறு

மனநலக் குழுவின் நர்ஸ் என்று யாராவது என்னை மரியாதையாகச் சொல்வார்கள் என்று பார்த்தால், இந்தப் பக்கத்தில் எனக்கு 'வயிறு கேக்குற சிஸ்டர்' என்றுதான் பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். காதில் குரல் கேட்கிறவர்களுக்குத் தரும் க்ளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டுக்குப் போனால் "வெளிக்குப் போச்சா?" என்று கேட்காமல் நான் செருப்பைக் கழற்றுவதில்லை. அந்த மருந்து குடலைத் தூங்க வைத்துவிடும். அசந்தால் உயிருக்கே உலை வைக்கும்.

சலூன் தம்பிக்கு முப்பது வயசு. அப்பா விட்டுப்போன கடை. ஒன்பது வருஷமாக அவன் காதுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து மேட்ச் வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான்: இதோ கத்தரியை எடுக்கிறான், வெட்டத் தெரியாத பயல், காது தப்புமா பார்ப்போம். இவன் அதற்குப் பதில் சொல்லப் போய், தலையைப் பாதியில் விட்டுவிடுவான். தபால்காரர் ஒரு வாரம் பாதித் தலையோடு தொப்பி போட்டுத் திரிந்தார், பாவம். இரண்டு மருந்துகளை முழு அளவில், போதுமான காலம் கொடுத்துப் பார்த்தும் வர்ணனைக்காரன் அசையவில்லை. கடைசியில் எங்கள் டாக்டர் க்ளோசபினுக்கு வந்தார்.

முதல் நாள் ராத்திரி பன்னிரண்டரை மில்லிகிராம், அதாவது இருபத்தைந்து மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பாதி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. வீட்டிலிருந்தே ஆரம்பித்ததால் ஆமை வேகம்தான். படுக்க வைத்து ஒரு பிரஷர், நிற்க வைத்து ஒரு பிரஷர், நாடி, காய்ச்சல் எல்லாம் பார்ப்பேன். முதல் பதினெட்டு வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. இந்த மருந்து ரத்தத்தின் வெள்ளணுவைக் குறைத்துவிடலாம்; அது சரியாக இருந்தால்தான் மருந்துக்கடைக்காரர் அடுத்த மாத்திரையைக் கண்ணில் காட்டுவார். தொண்டை வலி, காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போனால் மறுபடி அதே பாதி மாத்திரையிலிருந்துதான். இதோடு முதல் நாளிலிருந்தே வயிற்றை இளக்க ஒரு மாத்திரை. இதையெல்லாம் கேட்ட அவன் அம்மா, புள்ளைய வளர்த்தது இதைவிட சுலபம் என்றார்.

நாலாவது வாரம் வர்ணனைக்காரன் முணுமுணுக்க ஆரம்பித்தான். மருந்தால் ராத்திரி எச்சில் ஊறித் தலையணை நனைவதைத் தவிர தம்பிக்குக் குறையில்லை. நான் வாசலில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அம்மா பெருமையாக, "ராஜா மாதிரி போறான் சிஸ்டர். காலையில உள்ள போனா அரை மணி நேரம் ஆகுது" என்றார்.

நல்லபடியாகப் போகிறவன் அங்கே ஏன் அரை மணி நேரம் குடித்தனம் நடத்துகிறான்? தம்பியைத் தனியாகக் கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டு, நாலு நாளாக ஒன்றுமே வரவில்லை, அம்மா கதவுக்கு வெளியே காத்திருப்பதால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றான். வயிறு உப்பியிருந்தது. வாந்தி இல்லை, வாயு பிரிகிறது; அந்த மட்டும் தப்பித்தோம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த இளக்குகிற மாத்திரை எங்கே என்று கேட்டேன். அம்மா புடவைத் தலைப்பை முறுக்கினார். நன்றாகத்தானே போகிறது, எதற்கு அது என்று பத்து நாளுக்கு முன்பே நிறுத்தியிருக்கிறார். அப்புறம் அவன் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

"சொன்னா குரலுக்குக் குடுக்குற மாத்திரைய நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன் சிஸ்டர். ஒன்பது வருஷம் கழிச்சு என் புள்ள என் முகத்தைப் பார்த்துப் பேசுறான்."

என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"சொன்னாதான் நிறுத்தாம காப்பாத்த முடியும், அம்மா. மறைச்சா புள்ளையே போயிடுவான்" என்றேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். இன்றைக்கு அளவை ஏற்ற வேண்டாம், உடனே கூட்டி வா என்றார். வழியில் வாந்தியோ கடும் வலியோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். வயிற்றைத் தொட்டும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்ததில் குடல் அடைபடவில்லை, மலம்தான் கட்டியிருந்தது. க்ளோசபினை அதே அளவில் வைத்துக்கொண்டு, இளக்குகிற மருந்தைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் எல்லாரும் தீவிர முகத்தோடு உட்கார்ந்திருக்க, என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "சிஸ்டர், ஆச்சு" என்றார் அம்மா, குழந்தை பிறந்த சேதி சொல்கிற குரலில். டாக்டர் முதலில் கைதட்டினார், பிறகு வெட்கப்பட்டு இருமினார். சமூகப்பணியாளர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்.

அதற்கப்புறம் அளவை மெல்ல ஏற்றினோம். ஒரு நாள் சலூனுக்குப் போனேன். நாற்காலியில் தபால்காரர், தைரியமாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு. தம்பி வெட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். தபால்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சிஸ்டர், கத்தரிக்கு இப்படி ஒரு சத்தம் இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றான் தம்பி.

காற்றில் இரண்டு தரம் கத்தரியை ஆட்டிக் கேட்டுவிட்டு, மீதித் தலையையும் வெட்டி முடித்தான். அழுதால் மானம் போகும் என்று, "வெளிக்குப் போச்சா?" என்று கேட்டேன்.

"போச்சு" என்றார் தபால்காரர், கண்ணைத் திறக்காமலே.